பன்னிரண்டு ஒன்றான கதை: ஒரு முதன்மைப் பட்டியல், மூன்று விற்பனைத் தளங்கள் (நிகழ்வு ஆய்வு)

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை நெய்து, இணையம் வழியாக வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக விற்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில் நடந்தது இது. நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தேவையில்லை. நான் அவர்களுக்குச் சரக்கு இருப்பு, பொருள் பட்டியல் ஆகியவற்றுக்கான சிறு நிரல்களை எழுதிக் கொடுப்பவன். வாரத்துக்கு ஒரு நாள் போய் வருவேன். தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## பின்னணி

நிறுவனத்தின் விற்பனைப் பொருள்கள் சாப்பாட்டு மேஜை நாப்கின்கள், டேபிள் ரன்னர்கள், சமையலறைத் துண்டுகள், குஷன் உறைகள். நிறம், அளவு, எண்ணிக்கை என்று பிரித்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ நானூறு சரக்குக் குறியீடுகள். நாப்கினில் மட்டும் ஒவ்வொரு நிறமும் ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என மூன்று கட்டுகளாக விற்பனைக்கு வரும். கிடங்கில் ஆறு ஆறாகத்தான் கட்டி அடுக்கியிருப்பார்கள். பன்னிரண்டுக்கு ஆர்டர் வந்தால் இரண்டு கட்டு எடுத்து வைப்பது வழக்கம்.

இணைய விற்பனையை நிர்வகிப்பவர் உரிமையாளரின் மருமகள். எல்லாப் பொருள்களும் அவர் வைத்திருந்த ஒரே விரிதாளில் இருந்தன. அதைத்தான் முதன்மைப் பட்டியல் என்று அழைத்தோம். ஒவ்வொரு நாளும் இரவு இரண்டு மணிக்கு ஒரு நிரல் அந்த விரிதாளைப் படித்து, மூன்று தளங்களுக்கும் தலைப்பு, விவரம், விலை, இருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பிவிடும்.

தளத்துக்குத் தளம் தலைப்பின் நீளம் மாறுகிறது. இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால் இது நடந்த காலத்தில் இபே 80 எழுத்துகள், எட்சி 140, அமேசான் பெரும்பாலான பொருள்வகைகளுக்கு 200 எழுத்துகள் வரை அனுமதித்தன. இவை அந்தத் தளங்கள் வெளிப்படையாக அறிவித்திருந்த வரம்புகள். கீழே சொல்லப்போகும் எதற்கும் அவை பொறுப்பல்ல. அலுவலகத்தில் நாங்கள் அந்தத் தளங்களை எண்பது, நூற்றுநாற்பது, இருநூறு என்றுதான் சொல்லிக்கொள்வோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் இருந்தது இருநூறு மட்டும்தான். எனவே முதன்மைப் பட்டியலில் தலைப்புக் கட்டம் அதற்கு ஏற்றபடி தாராளமாக நிரப்பப்பட்டிருந்தது. இண்டிகோ நீலத்தில் பன்னிரண்டு நாப்கின் கொண்ட கட்டின் தலைப்பு இது:

```
Cotton Dinner Napkins Absorbent Indigo Blue Striped Border 18 x 18 Inch Set of 12 for Restaurant Wedding Holiday Table Linen
```

124 எழுத்துகள். இரண்டாவதாக நூற்றுநாற்பது வந்தபோது இது அப்படியே பொருந்தியது. ஆனால் அந்தத் தளத்தில் தேடலுக்கான குறிச்சொற்களும் தர வேண்டும். பதின்மூன்று வரை தரலாம், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். `cotton dinner napkins` என்பது 21 எழுத்து. ஒரே ஓர் எழுத்தால் நிராகரிக்கப்பட்டது. அலுவலகப் பையன் ஒருவன் விரிதாளில் `=LEFT(C2,20)` என்று போட்டான். கடைசி எஸ் போய், பன்மை ஒருமையாகி, `cotton dinner napkin` என்று பொருள் கெடாமல் நின்றது. வெட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற எண்ணம் அலுவலகத்தில் வேரூன்றியது இந்தத் தற்செயலால்தான்.

எண்பது மூன்றாவதாக வந்தபோது யாரும் யோசிக்கவில்லை. புதிதாக ஒரு பத்தி சேர்த்து, `=LEFT(B2,80)` என்று எழுதி, நானூறு வரிசைக்கும் இழுத்துவிட்டார்கள். அந்தப் பத்தியை நான் பார்த்தேன். பிறகு சரிசெய்யலாம் என்று விட்டேன்.

## முதல் அறிகுறிகள்

ஆறு வாரங்கள் வரை ஒன்றும் தெரியவில்லை. எண்பதில் ஆறு நாப்கின் கட்டு நன்றாகவே போனது. பன்னிரண்டு கட்டுக்கு விற்பனை மிகக் குறைவு, இருபத்துநான்கு ஒன்றுகூடப் போகவில்லை. அந்தத் தளத்தில் சில்லறையாக வாங்குபவர்கள்தான் அதிகம், பெரிய கட்டு அங்கே எடுபடாது என்று மருமகள் முடிவு கட்டினார். காரணம் நம்பத்தக்கதாகத் தோன்றியதால் மேலே யாரும் தேடவில்லை.

ஏழாவது வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு புகார் வந்தது. பன்னிரண்டுக்குப் பணம் கட்டியவருக்கு ஒரே ஒரு நாப்கின் போயிருக்கிறது. படமும் அனுப்பியிருந்தார்: நீலக் கோடு போட்ட ஒற்றை நாப்கின், அதைவிடப் பெரிய உறை. பொட்டலம் போய்ச் சேரப் பல நாள் ஆகும் என்பதால், இந்தப் புகார் கைக்கு வரும் முன்பே வேறு இரண்டு ஆர்டர்களும் அதே மாதிரி கிளம்பிவிட்டிருந்தன.

உரிமையாளர் முதலில் பேக்கிங் பிரிவுக்குப் போனார். அங்கே சேர்ந்து ஒரு மாதமே ஆன ஒரு பையன்தான் அந்தப் பொட்டலங்களைக் கட்டியவன். அவன் சீட்டை எடுத்து நீட்டினான்.

“ஐயா, சீட்டில் ஒன்று என்றுதானே போட்டிருக்கிறது?”

போட்டிருந்தது. பேக்கிங் சீட்டில் தடித்த எழுத்தில் அச்சாகும் தலைப்பு, ஆர்டர் வந்த தளத்திலிருந்து எடுக்கப்படுவது. அதில் இப்படி இருந்தது:

```
Cotton Dinner Napkins Absorbent Indigo Blue Striped Border 18 x 18 Inch Set of 1
```

எண்ணிப் பார்த்தால் சரியாக 80. பன்னிரண்டின் ஒன்று எண்பதாவது எழுத்து. இரண்டு எண்பத்தொன்றாவது எழுத்து. வெட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. பழைய ஆட்கள் சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் சரக்குக் குறியீட்டைப் பார்ப்பவர்கள். குறியீட்டின் முடிவில் 12 என்று இருந்தால் இரண்டு கட்டு எடுத்து வைப்பார்கள். அதனால் ஆறு வாரமும் அவர்கள் கை வழியாகப் போனவை எல்லாம் சரியாகப் போயின. பையன் எழுத்துக் கூட்டிப் படித்து, எழுதியிருந்தபடியே செய்தான். அவன் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஒரு கட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுப்பது அவனுக்கே விசித்திரமாகப் பட்டதாம், புதியவன் என்பதால் கேட்கவில்லை.

ஆறு நாப்கின் கட்டு ஏன் நன்றாகப் போனது என்பதும் இப்போது விளங்கியது. ஆறு என்பது ஒற்றை இலக்கம். எண்பதாவது எழுத்தோடு அழகாக முடிந்துவிடுகிறது. இருபத்துநான்கு கட்டு `Set of 2` என்று நின்றது. இரண்டு நாப்கினுக்கு இருபத்துநான்கின் விலை கேட்டால் யார் வாங்குவார்கள்? பன்னிரண்டை வாங்கிய சிலர் படத்தையும் விவரத்தையும் படித்து நம்பி வாங்கியவர்கள். மஸ்டர்ட் மஞ்சள் நிறத்தில் பெயர் மூன்று எழுத்து நீளம் என்பதால் அங்கே தலைப்பு `Set o` என்று அரைகுறையாக நின்றது. யாராவது ஒரு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். அரைகுறைச் சொல் கண்ணை உறுத்தும். `Set of 1` உறுத்தாது, ஏனென்றால் அது இலக்கணப்படி முழுமையான, ஆனால் பொய்யான தகவல்.

## அன்று எடுத்த முடிவுகள்

புகார் வந்த அன்றே மருமகள் எண்பது தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், பன்னிரண்டு, இருபத்துநான்கு கட்டுகளின் தலைப்புகளைக் கையால் திருத்தினார். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் பழையபடி. இரவு இரண்டு மணி நிரல் வழக்கம்போல முழு வரிசையையும் அனுப்பி, கைத்திருத்தத்தை அழித்துவிட்டது. முதன்மைப் பட்டியலிலிருந்து தளத்துக்கு ஒருவழியாகத்தான் தகவல் போகிறது என்றால், தளத்தில் செய்யும் எந்தத் திருத்தத்துக்கும் ஒரு ராத்திரிதான் ஆயுள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவசரத்தில் மறந்துபோனது.

அதன் பிறகு மூன்று முடிவுகள் எடுத்தோம். பாதிக்கப்பட்ட பொருள்களை எண்பது தளத்தில் நீக்காமல், இருப்பை மட்டும் பூஜ்யமாக்கினோம். நீக்கினால் அந்தப் பக்கத்தின் விற்பனை வரலாறும் அதோடு போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். குறைவாகப் போன மூன்று பேருக்கும் மீதம் பதினொன்றை அனுப்பாமல் முழுக் கட்டையே அனுப்பினோம். பதினொன்று எண்ணி எடுப்பதில் இன்னொரு தவறு நேரக்கூடாது என்பதே காரணம்.

மூன்றாவது முடிவுதான் முக்கியம். பேக்கிங் சீட்டில் தளத்தின் தலைப்பு வருவதையே நிறுத்தினோம். ஆர்டரோடு வரும் சரக்குக் குறியீட்டை வைத்து முதன்மைப் பட்டியலில் தேடி, பொருளின் பெயர், நிறம், எத்தனை கட்டு எடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடிக்கும்படி மாற்றினேன். இது ஒரு மணி நேர வேலை. முதலிலேயே செய்திருந்தால் தலைப்பு எப்படிக் கெட்டாலும் பொட்டலம் கெட்டிருக்காது.

## எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது

அடுத்த கேள்வி, வேறு எங்கெல்லாம் வெட்டு விழுந்திருக்கிறது என்பது. எண்பதாவது எழுத்தும் எண்பத்தொன்றாவது எழுத்தும் இடைவெளியாக இல்லாவிட்டால் சொல் நடுவில் உடைந்திருக்கிறது என்று பொருள். விரிதாளிலேயே சோதித்துவிடலாம்:

```
=AND(LEN(B2)>80, MID(B2,80,1)<>" ", MID(B2,81,1)<>" ")
```

உடைந்த சொற்கள் உள்ள தலைப்புகள் முழுப் பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தன. பெரும்பாலானவற்றில் கடைசிச் சொல்லின் வால் போயிருந்தது. அசிங்கமே தவிர ஆபத்தில்லை. எண் உடைந்தவை நாப்கின்களில் மட்டுமே.

இந்தச் சோதனையை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. உடைந்த சொல்லை மட்டுமே இது காட்டும், தொலைந்துபோன தகவலைக் காட்டாது. டேபிள் ரன்னர்களில் 72 அங்குலம், 90 அங்குலம், 108 அங்குலம் என மூன்று நீளங்கள். அவற்றின் நீளம் தலைப்பின் கடைசியில் எழுதப்பட்டிருந்தது. வெட்டு ஓர் இடைவெளியில் சுத்தமாக விழுந்து, நீளம் முழுதாகக் காணாமல் போயிருந்தது. மூன்று பொருளுக்கும் ஒரே தலைப்பு, மூன்று விலை. சூத்திரம் இவற்றை நல்லவை என்றே சொன்னது. எண்பது தளத்துக்கான பத்தியை அகர வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து ஒரே தலைப்பு இரண்டு முறை வருகிறதா என்று பார்த்தபோதுதான் இது வெளியே வந்தது. ஒரே மாதிரித் தலைப்புகள் இருக்கின்றனவா என்ற தேடல், நீளச் சோதனையைவிடப் பயனுள்ளது என்பது என் அனுபவம்.

## தலைப்புக்குள் ஒளிந்திருந்த இன்னொரு தவறு

தேடிக்கொண்டிருக்கும்போதே பண்புக்கூறுகளையும் பார்த்தோம். தலைப்பைத் தவிர ஒவ்வொரு தளமும் நிறம், இழைவகை, வடிவம், எண்ணிக்கை என்று தனித்தனிக் கட்டங்களைக் கேட்கும். வாங்குபவர்கள் பக்கத்தின் ஓரத்தில் நீலம், பருத்தி என்று தேர்ந்து வடிகட்டும்போது பயன்படுவது இந்தக் கட்டங்கள்தான்.

முதன்மைப் பட்டியலில் இழைவகைக்கு என்று தனிப் பத்தி இல்லை. தேவைப்பட்டபோது நான்தான் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன்: தலைப்பில் பட்டு, லினன், பருத்தி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை அந்த வரிசையில் தேடும், முதலில் கிடைப்பதை இழைவகைக் கட்டத்தில் போடும். மேலே கொடுத்த தலைப்பின் கடைசி இரண்டு சொற்களைப் பாருங்கள். `Table Linen` என்பது மேஜைத் துணிகளைப் பொதுவாகக் குறிக்கும் வழக்கு. லினன் என்பதோ ஆளிச்செடி நாரிலிருந்து வரும் இழையின் பெயர், பருத்தியைவிட விலை கூடியது. நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. லினனைத் தேடும் முறை பருத்திக்கு முன்னால் வந்ததால், முழுப் பருத்தி நாப்கின்கள் எல்லாம் லினன் என்று மூன்று தளங்களிலும் பதிவாகியிருந்தன.

இது எண்ணிக்கைத் தவறைவிடக் கனமானது. குறைவாக அனுப்பியது கவனக்குறைவு; பருத்தியை லினன் என்று விற்பது பொருளைத் தவறாகச் சித்திரிப்பது, தளம் கணக்கையே முடக்கக் காரணமாகலாம். யாரும் புகார் செய்யும் முன் கண்டுபிடித்தது எங்கள் அதிர்ஷ்டம். விரிதாளைத் திறந்து வைத்துக்கொண்டு உரிமையாளர் கேட்டது இது: “நம் தறியில் லினன் ஓடியதே கிடையாது தம்பி. இதை யார் எழுதியது?” நான் எழுதிய நிரல் என்று சொன்னேன்.

அங்கேதான் இரண்டு கோளாறுகளுக்கும் வேர் ஒன்றே என்று புரிந்தது. எழுத்துவரம்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் முதன்மைப் பட்டியலில் பொருளைப் பற்றிய உண்மைகளே இல்லை. தலைப்பு என்ற ஒரு வாக்கியம்தான் இருந்தது. எத்தனை, எவ்வளவு நீளம், என்ன நிறம், என்ன இழை என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் புதைந்திருந்தன. ஒரு தளத்துக்காக வாக்கியத்தை வெட்டினால் உண்மை வெட்டுப்பட்டது. இன்னொரு தளத்துக்காக வாக்கியத்திலிருந்து உண்மையைத் தோண்டினால் பொய் வந்தது.

## மாற்றியமைத்தது

தலைப்புப் பத்தியை மூலத் தகவல் என்ற இடத்திலிருந்து இறக்கினோம். ஒவ்வொரு சரக்குக் குறியீட்டுக்கும் பொருள்வகை, இழை, நிறத்தின் விற்பனைப் பெயர், நிறக் குடும்பம், நீளம், அகலம், கட்டில் எத்தனை, வேலைப்பாடு என்று தனித்தனிப் பத்திகள் உண்டாக்கினோம். இதை நிரலை வைத்துச் செய்யவில்லை. ஏற்கெனவே ஒருமுறை தலைப்பிலிருந்து தோண்டி எடுத்து அவமானப்பட்டாகிவிட்டது. மருமகளும் கிடங்கு மேற்பார்வையாளரும் அலமாரி அலமாரியாகப் போய், பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதினார்கள். இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் விரிதாளில் 18 அங்குலம் என்றிருந்த ஒரு நாப்கின் வகை உண்மையில் 20 அங்குலமாக நெய்யப்படுகிறது என்பதும் தெரிந்தது. தறிக்காரர் எப்போதோ மாற்றியிருக்கிறார், அலுவலகத்துக்குச் செய்தி வரவில்லை.

பிறகு தலைப்பு அந்த உண்மைகளிலிருந்து தளத்துக்குத் தளம் புதிதாகக் கோக்கப்படும். கட்டாயப் பகுதிகள் முதலில்: எத்தனை, என்ன பொருள், அளவு, நிறம். அவற்றை எந்தத் தளத்துக்காகவும் விடக் கூடாது. அதன் பிறகு விருப்பப் பகுதிகள், முன்னுரிமை வரிசையில். ஒரு பகுதி முழுதாகப் பொருந்தினால் சேரும், பொருந்தாவிட்டால் முழுதாக விடப்படும். நடுவில் வெட்டுவது என்ற பேச்சே இல்லை. கட்டாயப் பகுதிகளே வரம்பைத் தாண்டினால் அந்தப் பொருள் தளத்துக்குப் போகாது, ஆளின் பார்வைக்கு வரும்.

```
def make_title(must, extra, limit):
    title = " ".join(must)
    if len(title) > limit:
        raise ValueError("must parts exceed limit")
    for part in extra:
        if len(title) + 1 + len(part) > limit:
            break
        title += " " + part
    return title
```

இதில் `break` என்ற சொல் முதல் முறை எழுதியபோது இல்லை. பொருந்தாத பகுதியைத் தாண்டி அடுத்ததை முயன்று பார்க்கும்படி எழுதியிருந்தேன். இடத்தை வீணாக்காமல் நிரப்பலாமே என்ற பேராசை. இண்டிகோ நாப்கினுக்குக் கட்டாயப் பகுதிகள் 56 எழுத்து. கோட்டு வேலைப்பாட்டைச் சேர்த்தால் 71. அடுத்து உறிஞ்சும் தன்மையைச் சொல்லும் சொல்லைச் சேர்த்தால் 81. ஓர் எழுத்து கூடுதல், எனவே விடப்பட்டது. அதற்கு அடுத்ததாக உணவகத்தைக் குறிக்கும் சொல்லும் பொருந்தவில்லை. கல்யாணத்தைக் குறிக்கும் சொல் பொருந்தியது. கிடைத்த தலைப்பு:

```
Set of 12 Cotton Dinner Napkins 18 x 18 Inch Indigo Blue Striped Border Wedding
```

79 எழுத்து, கணக்கு கச்சிதம், படித்தால் உளறல். கோடு போட்ட கரைக்குக் கல்யாணம் என்று மருமகள் சிரித்தார். முதல் பொருந்தாத பகுதியோடு நிறுத்திவிடுவது என்று மாற்றினோம். தலைப்பு 71 எழுத்தோடு நின்றது. ஒன்பது எழுத்து காலியாகக் கிடப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

பண்புக்கூறுகளுக்குத் தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று அட்டவணை வைத்தோம். எங்கள் இண்டிகோ நீலம் ஒரு தளத்தில் அப்படியே போகலாம். இன்னொன்றில் அவர்கள் தரும் பட்டியலிலிருந்து நீலம் என்றுதான் தேர வேண்டும். மற்றொன்று விற்பனைப் பெயரையும் நிறக் குடும்பத்தையும் தனித்தனியாகக் கேட்கும். அட்டவணையில் இல்லாத நிறம் வந்தால் என்ன செய்வது என்பதில் சிறு வாக்குவாதம் நடந்தது. பலநிறம் என்று போட்டு அனுப்பிவிடலாம் என்பது அலுவலகப் பையனின் யோசனை. பொருள் விற்பனைக்கு வராமல் கிடப்பதைவிட அது மேல் என்று வாதிட்டான். நான் ஒப்பவில்லை. நீலம் என்று வடிகட்டுபவர் கண்ணில் அது என்றைக்கும் படாது. விற்காததற்குக் காரணமும் யாருக்கும் தெரியாது. நின்றுபோன பொருள் அன்றே கண்ணில் படும், தவறாகப் போன பொருள் ஆறு வாரம் கழித்துப் புகாராக வரும். உரிமையாளர் என் பக்கம் நின்றார்.

எண்ணிக்கையில் இன்னொரு பொறி இருந்தது. ஒரு கட்டில் எத்தனை துண்டு என்று ஒரு கட்டமும், விற்பது எத்தனை கட்டு என்று ஒரு கட்டமும் தனித்தனியாக உண்டு. இரண்டிலும் 12 என்று எழுதினால், பன்னிரண்டு பன்னிரண்டாகப் பன்னிரண்டு கட்டு, மொத்தம் 144 என்று வாங்குபவர் பொருள்கொள்ள இடமுண்டு. எங்கள் அட்டவணையில் இரண்டாவது கட்டத்துக்கு எப்போதும் 1 தான் போகும் என்று பூட்டிவிட்டோம்.

## அனுப்பும் முறையும் திரும்பிப் படிப்பதும்

இரவு நிரலை இரண்டாகப் பிரித்தோம். விலையும் இருப்பும் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை போகும். தலைப்பு, விவரம், பண்புக்கூறுகள் ஆகியவை முதன்மைப் பட்டியலில் மாற்றம் நடந்த பொருளுக்கு மட்டும் போகும். இதனால் ஒரு தவறான தலைப்பு நானூறு பொருளிலும் ஒரே இரவில் பரவுவது நின்றது.

புதிய முறையை முதலில் இருபது பொருள்களில் மட்டும், எண்பது தளத்தில் மட்டும் ஒரு வாரம் ஓட்டினோம். ஒவ்வொரு நாள் காலையும் தளத்திலிருந்து அந்தப் பக்கங்களின் விவரத்தைத் திரும்பப் படித்து, நாங்கள் அனுப்பியதோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை ஒரு பக்கமாக அச்சடித்தோம். தலைப்பு, எண்ணிக்கை, இழை, நிறம் ஆகிய நான்கு மட்டும். முதல் நாள் வேறுபாடுகள் குவிந்தன. ஆராய்ந்தால், எங்கள் விரிதாளில் சில சொற்களுக்கு நடுவில் இரட்டை இடைவெளி இருந்திருக்கிறது. தளம் அதை ஒற்றையாக்கிவிட்டது. ஒப்பிடும் முன் இடைவெளிகளைச் சீராக்கியதும் பட்டியல் நான்கு வரியாகச் சுருங்கியது. அதில் மூன்று, புதிய முறையில் அனுப்பிய பிறகு மருமகள் தளத்தில் கையால் திருத்தி மறந்துபோனவை.

## விளைவு

மூன்று மாதங்களில் எண்ணிக்கை குறைந்து போன பொட்டலம் ஒன்றும் இல்லை. எண்பதில் பன்னிரண்டு கட்டு ஒழுங்காக நகரத் தொடங்கியது, இருபத்துநான்கும் மெதுவாகப் போகிறது. சில்லறைக்காரர்கள் தளம் என்ற பழைய தீர்ப்பை மருமகள் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எல்லாம் நன்மையாக முடிந்ததாகச் சொல்ல முடியாது. நூற்றுநாற்பதில் தலைப்புகள் முன்பு கையால் எழுதப்பட்டவை. அவற்றில் ஒரு கைவினை மணம் இருந்தது. நிரல் கோத்த தலைப்புகள் உண்மையாக இருந்தாலும் கிடங்குச் சீட்டு மாதிரி வாசித்தன. நன்றாக விற்றுக்கொண்டிருந்த சில குஷன் உறைகளுக்குப் பார்வைகள் குறைந்தன. தலைப்பு மாறியதுதான் காரணமா, பருவம் மாறியதா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல எங்களிடம் போதிய தரவு இல்லை. ஆனாலும் அதிகம் விற்கும் முப்பது பொருள்களுக்கு மட்டும் கையால் எழுதிய தலைப்பை வைத்துக்கொள்ள ஒரு தனிப் பத்தி கொடுத்தோம். அதற்கு ஒரு நிபந்தனை: கையால் எழுதினாலும் கட்டாயப் பகுதிகள் நான்கும் அதில் இருக்கின்றனவா என்று நிரல் சோதிக்கும். இல்லாவிட்டால் கைத்தலைப்பை ஒதுக்கிவிட்டுத் தானே கோத்ததை அனுப்பும்.

## மறுபடி செய்தால்

மூன்றாவது தளம் வரும்வரை காத்திருக்காமல், இரண்டாவது தளம் வந்த அன்றே உண்மைகளைத் தனிப் பத்திகளாகப் பிரித்திருப்பேன். அப்போது இருந்தது நூற்றைம்பது பொருள்தான். கிடங்கு வேலை நான்கைந்து நாளில் முடிந்திருக்கும். பேக்கிங் சீட்டைத் தளத்தின் தலைப்போடு பிணைத்திருக்கவே மாட்டேன்.

வரம்புகளை நிரலுக்குள் எண்ணாக எழுதியதும் தவறு. இப்போது அவை தனி அட்டவணையில், கடைசியாகச் சரிபார்த்த தேதியோடு இருக்கின்றன. தளங்கள் விதிகளை மாற்றுகின்றன: அமேசான் 2025 ஜனவரி முதல் ஒரே சொல் தலைப்பில் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது என்று வைத்ததும், எங்கள் பழைய குஷன் தலைப்புகள் சில அதில் அடிபட்டிருக்கும். எழுத்துவரம்பு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு கட்டம் பைட் கணக்கில் அளக்கப்படுவதையும் தாமதமாகத்தான் கவனித்தேன். `décor` என்பது எழுத்தில் ஐந்து, பைட்டில் ஆறு. விரிதாளின் `LEN` ஐந்து என்றே சொல்லும்.

கட்டாயப் பகுதிகளே எண்பதைத் தாண்டும் பொருள்கள் இன்னும் ஏழு இருக்கின்றன. எல்லாம் இரு நிறம் கலந்த டேபிள் ரன்னர்கள்; நிறப் பெயர்களே முப்பது எழுத்தைத் தின்றுவிடுகின்றன. அவை எண்பது தளத்தில் ஏறாமல், காலை அச்சுப் பக்கத்தின் அடியில் ஒவ்வொரு நாளும் வருகின்றன. நிறப் பெயரைச் சுருக்க வேண்டும் என்பது என் பக்கம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாடிக்கையாளர் கேட்கிறார் என்பது மருமகளின் பக்கம். இன்னும் முடிவாகவில்லை.